சீருடை நிற மாதிரிப் படங்கள் பற்றி, சீருடைத் தேர்வுக் குழுவுக்கு ஒரு குறிப்பு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் கல்வியாண்டுச் சீருடைக்கு இளம்பச்சை, மெரூன், சாம்பல் ஆகிய மூன்று நிறங்களைக் காட்டும் படங்களை வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைக்கவிருக்கிறேன். அவற்றைப் பார்த்து வாக்களிக்கும் முன் அவை உருவான விதத்தைத் தாங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மூன்று படங்களும் ஒரே புகைப்படத்திலிருந்து வந்தவை. இப்போதைய வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் அணிந்த நான்கு மாணவர்களைச் செங்கல் சுவரின் முன் காலை வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்தேன். வெள்ளையில் மாற்றுவதற்கு நிறச்சாயல் எதுவும் இல்லை. ஆகவே சட்டைப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கணினியில் புதிய நிறத்தை ஒரு மெல்லிய அடுக்காக அதன்மேல், அடியிலுள்ள நிழலை மறைக்காத பெருக்கல் முறையில் படியவிட்டேன். மடிப்புகளின் நிழல் அப்படியே நிற்பதால் சட்டை இயல்பாகத் தெரிகிறது. எந்தச் சட்டைக்கு எந்தக் கால்சட்டை பொருந்தும், பள்ளிச் சின்னம் தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரியுமா என்பவற்றை இப்படங்களைக் கொண்டு தயங்காமல் முடிவு செய்யலாம்.

சாம்பல் நிறக் கால்சட்டை மட்டும் விதிவிலக்கு. கருநீலத்தை வெளிறச் செய்தே அது கிடைத்தது. கருமையில் புதைந்த மடிப்புகள் கேமராவில் பதிவாகவே இல்லை என்பதால் துணி அட்டைபோல விறைப்பாகத் தோன்றுகிறது. அது என் வேலையின் குறை, சாம்பலின் குறை அன்று.

இதைவிடப் பெரிய சிக்கல், பின்னணியில் உள்ள சிவப்புச் சுவர். சிவப்புக்கு அருகில் பச்சை உள்ளதைவிடப் பளிச்சென்று தெரியும். மெரூனோ சுவரோடு கலந்து மங்கிவிடும். படங்களை முதலில் பார்த்த ஆசிரியர்கள் பலர் இளம்பச்சையை விரும்பியதில் சுவருக்கும் பங்கு இருக்கும் என்று ஐயுறுகிறேன். இதற்காகவே வெளிர்சாம்பல் பின்னணியில் இன்னொரு தொகுப்பும் செய்திருக்கிறேன்.

கைப்பேசியில் அனுப்பிய படங்களை வைத்து நிறத்தைப் பற்றி வாதிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு திரையும் ஒரே மெரூனை ஒவ்வொரு விதமாகக் காட்டும். கண் கூசாமலிருக்க இரவில் மஞ்சளாக்கும் அமைப்பு இயங்கினால் சாம்பல்கூடப் பழுப்பாகிவிடும். கூட்டத்தில் அனைவரும் ஒரே திரையில் பார்ப்போம்.

துணியின் இயல்பைப் படம் அறவே சொல்லாது. இளம்பச்சைத் துணி மெல்லியதாக இருந்தால் உள்ளாடை தெரியுமா, வியர்வை ஈரம் எந்த நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும், துவைக்கத் துவைக்க மெரூன் எவ்வளவு வெளுக்கும் என்பவையெல்லாம் துணியைக் கையில் எடுத்தால்தான் விளங்கும். மேலும், பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் வகுப்பறைக் குழல்விளக்கின் கீழ் வேறுபட்டுத் தெரிவதுண்டு. சட்டைத் துணியையும் கால்சட்டைத் துணியையும் வெவ்வேறு ஆலைகளிலிருந்து வாங்கினால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆகவே, விலைப்புள்ளி தரும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு நிறத்திலும் அரை மீட்டர் துணி கேட்டு வாங்கி, அதில் பாதியைப் பத்து முறை துவைத்து, வராந்தாவிலும் வகுப்பறையிலும் வைத்துப் பார்த்த பிறகே இறுதி வாக்கெடுப்பை நடத்தும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்