கணக்குத் தாள்: 2025 அக்டோபர் பதிவுகள் – யூடியூப், இன்ஸ்டா, பொடி விற்பனை

மதுரை. 31-10-2025 இரவு வரை எழுதியது. தொகை எல்லாம் ரூபாயில். ஆட்சென்ஸ் தொகைக்கு டாலர் 87 என்று வைத்திருக்கிறது. வங்கி போட்ட விகிதம் தெரிந்ததும் D பத்தியைத் திருத்த வேண்டும்.

| குறி (A) | தேதி (B) | பதிவு (C) | ஆட்சென்ஸ் (D) | விளம்பரம் (E) | விற்பனை லாபம் (F) | செலவு (G) | நின்றது (H) |
|---|---|---|---|---|---|---|---|
| P41 | 4-10 சனி | பருப்புப் பொடி, யூடியூப் | 1,183 | 0 | 3,501 | 900 | 3,784 |
| P42 | 8-10 புதன் | கறிவேப்பிலைப் பொடி, ரீல் | 0 | 0 | 3,629 | 300 | 3,329 |
| P43 | 11-10 சனி | முறுக்கு (செக்கு எண்ணெய் கம்பெனி), யூடியூப் | 1,949 | 28,000 | 383 | 2,600 | 27,732 |
| P44 | 14-10 செவ்வாய் | தீபாவளி லேகியம், யூடியூப் | 2,714 | 0 | 8,263 | 1,850 | 9,127 |
| P45 | 16-10 வியாழன் | முறுக்கு அச்சு, ரீல் | 0 | 0 | 0 | 400 | -400 |
| P46 | 25-10 சனி | குக்கர் கம்பெனி, ஷார்ட்ஸ் | 183 | 18,000 | 0 | 1,200 | 16,983 |
| P00 | – | குறி சொல்லாத ஆர்டர் | 0 | 0 | 656 | 0 | 656 |
| பழையவை | – | முந்தைய வீடியோக்கள் | 5,046 | 0 | 0 | 0 | 5,046 |
| மொத்தம் | | | 11,075 | 46,000 | 16,432 | 7,250 | 66,257 |

சம்பாதித்தது 66,257. கையில் இருப்பது 40,382. இடையில் உள்ள 25,875 எங்கே என்றால்: எண்ணெய் கம்பெனி பிடித்த டிடிஎஸ் 5,800, குக்கர் கம்பெனி தர வேண்டிய மீதி 9,000, நவம்பரில் வரவிருக்கும் ஆட்சென்ஸ் 11,075. மூன்றையும் கூட்டினால் இந்த வித்தியாசம் பைசா பிசகாமல் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வரவு இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். செப்டம்பருக்கான ஆட்சென்ஸ் 22-10 அன்று வங்கியில் விழுந்தது. அது செப்டம்பர் தாளைச் சேர்ந்தது, இங்கே சேர்க்கக் கூடாது.

விற்பனை லாபம் போட்ட விதம்

பருப்புப் பொடி 200 கிராம்: விலை 140, அடக்கம் 82. கறிவேப்பிலைப் பொடி 100 கிராம்: விலை 90, அடக்கம் 48. லேகியம் 200 கிராம்: விலை 220, அடக்கம் 128. அடக்கத்தில் சாமான், கவர், ஸ்டிக்கர் மூன்றும் அடங்கும். கூரியர் தனியாக வாங்கித் தனியாகக் கட்டுவதால் இந்தத் தாளில் வராது. பேமெண்ட் லிங்க்குக்கு 2 சதக் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சத ஜிஎஸ்டி, ஆக 2.36 சதம்.

P42-ஐ எடுத்துக்கொண்டால்: 91 பாக்கெட் × 90 = 8,190. அடக்கம் 4,368 போக 3,822. லிங்க் கட்டணம் 193 போக 3,629. நாற்பது நொடி ரீல், ஆட்சென்ஸ் ஒரு பைசா இல்லை. ஆனால் செலவு 300-தான். P41-ஐ எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது, அதில் நின்றது இதைவிட 455 ரூபாய்தான் கூட. நவம்பரில் பொடிக்கு மூன்று ரீல் போடலாம் என்று சொல்வது இதனால்தான்.

H பத்தியிலும் F பத்தியிலும் உள்ள சூத்திரங்கள் (5-வது வரிசை):

```
H5: =D5+E5+F5-G5
F5: =SUMIFS(Sales!H:H,Sales!C:C,A5)
```

வாட்ஸ்அப் லிங்க்கின் முடிவில் `?text=P41` என்று இருப்பதால் ஆர்டர் வரும்போதே குறியும் வந்துவிடும். அதை Sales தாளின் C பத்தியில் ஒட்டும்போது பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டால் `SUMIFS` அந்த வரிசையைக் கண்டுகொள்ளாது. சின்ன எழுத்தில் p41 என்று இருந்தால் பரவாயில்லை, இடைவெளிதான் சிக்கல். P44-இல் 14 வரிசை அப்படி விடுபட்டு, 28-10 அன்று பிடிபட்டது. இப்போது பக்கத்தில் `=TRIM(C2)` வைத்துச் சரிபார்த்தாயிற்று. அக்கா, போனில் இருந்து ஆர்டரை ஏற்றும்போது குறியை ஒட்டாமல் பட்டியலில் இருந்து தேர்வு செய்யுங்கள்.

பதிவு வாரியாகக் குறிப்பு

P43: பில் 13-10, பணம் வந்தது 30-10, வந்த தொகை 22,200. 28,000-க்கு 10 சதம் என்றால் 2,800-தானே குறைய வேண்டும் என்று தோன்றும். இதே கம்பெனி ஜூலையில் 30,000 தந்தது, அப்போது டிடிஎஸ் பிடிக்கவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 194J பிரிவின் கீழ் ஒரு நிதியாண்டில் ஒரே கம்பெனி தருவது 50,000-ஐத் தாண்டினால்தான் பிடித்தம் (2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000). இப்போது மொத்தம் 58,000 ஆனதால் முழுத் தொகைக்கும் சேர்த்து 5,800 பிடித்துவிட்டார்கள். கணக்கு சரி. இது போன பணமில்லை. கம்பெனி ஜனவரி 31-க்குள் கணக்கு தாக்கல் செய்ததும், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS அறிக்கையில் தெரியும். பிப்ரவரி முதல் வாரம் பார்க்க வேண்டும். அதில் ஏறாவிட்டால் வருமான வரித் தாக்கலில் கேட்டுப் பெறுவதில் சிக்கல் வரும்.

கட்டண விளம்பரம் என்ற டிக் போட்டாயிற்று. வீடியோவை அவர்கள் தங்கள் விளம்பரமாக ஓட்டும் உரிமை 30 நாள், 10-11-2025 அன்று முடிகிறது. அதற்கு மேல் ஓட்டினால் தனித் தொகை, இது மின்னஞ்சலில் எழுதி வாங்கியிருக்கிறது.

P44: 118 பாக்கெட், விற்பனை 25,960. அடக்கம் 15,104, லிங்க் கட்டணம் 613 போக லாபம் 10,243. கடைசியாக 17-10 அன்று அனுப்பிய 9 பாக்கெட் தீபாவளி (20-10) முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தது. 1,980 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம், பாக்கெட்டைத் திரும்பக் கேட்கவில்லை. லிங்க் கட்டணம் திரும்ப வராது, சாமான் செலவும் போனது போனதுதான். எனவே 8,263. தவறு தேதியில் இருக்கிறது: லேகியம் வீடியோ பண்டிகைக்கு 15 நாள் முன்பே போக வேண்டும், ஆர்டர் 6 நாள் முன்பே நிற்க வேண்டும். வீடியோவின் முதல் கருத்தாக அந்தக் கடைசித் தேதியை மேலே நிறுத்தி வைக்க வேண்டும்.

P45: காசு இல்லை, பித்தளை முறுக்கு அச்சுதான். மதிப்பு 3,200, "பொருளாக வந்தது" தாளில் வருமானமாக எழுதியாயிற்று. பொருளுக்கான 194R பிடித்தம் ஆண்டுக்கு 20,000 தாண்டினால்தான். ரீல் போட்ட பிறகு இன்னும் இரண்டு ஸ்டோரி கேட்கிறார்கள். பேச்சில் இல்லாதது, போட வேண்டாம் அக்கா. வீட்டில் ஏற்கெனவே அச்சு இருக்கும்போது பொருளுக்காக ரீல் போடுவதில் நமக்குக் கிடைத்தது எதுவுமில்லை.

P46: முன்பணம் 9,000 வந்தது 20-10. மீதிக்குப் பில் 27-10, 45 நாள் கெடு, 11-12-2025. ஷார்ட்ஸை இவர்கள் இரண்டு முறை திருத்தச் சொன்னதில் எடிட்டருக்கு 400 கூடுதலாகப் போனது. அது G பத்தியில் இருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் மட்டும் இலவசம் என்று எழுத வேண்டும்.

ஆட்சென்ஸ்: ஸ்டுடியோவில் பார்த்தது 127.30 டாலர், 100 டாலர் வரம்பைத் தாண்டியதால் நவம்பர் 21 முதல் 26-க்குள் அனுப்புவார்கள். ஸ்டுடியோ காட்டுவது மதிப்பீடுதான். அமெரிக்கப் பார்வையாளர் பங்குக்கான வரி அனுப்பும்போதுதான் கழியும். வரிப் படிவம் கொடுத்திருப்பதால் அந்தப் பங்குக்கு 15 சதம். முழு 11,075 வராது என்று இப்போதே எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஜிஎஸ்டி: ஏப்ரல் முதல் மொத்த வரவு 4,38,600, பதிவு தேவைப்படும் 20 லட்சத்துக்கு வெகு கீழே. ஆனால் பொடியை வெளிமாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு செல்லாது, முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேண்டும். பெங்களூரில் இருந்து கேட்ட 6 ஆர்டரை எடுக்கவில்லை.

நவம்பரில் பார்க்க வேண்டியவை

10-11: எண்ணெய் கம்பெனி விளம்பரம் நின்றதா. 12-11: ஆட்சென்ஸ் இறுதித் தொகை, D பத்தி திருத்தம். 26-11: வங்கி விகிதம். 4-12: குக்கர் கம்பெனிக்கு நினைவூட்டல், பில் நகலுடன்.