நெஞ்சை அடைக்கிறது என்று மொரீஷியஸிலிருந்து எழுதிய வாசுவுக்கு

12.11
வாசு, பார்த்துவிட்டேன். விழித்துத்தான் இருக்கிறேன். நான் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. பேச மூச்சு வரவில்லை என்றால் எழுது, பரவாயில்லை. முதலில் நடப்பதை நிறுத்து. கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார், முழங்காலை மடக்கிக்கொள். படுக்காதே.

ஒரே வார்த்தையில் பதில் சொல். எவ்வளவு நேரமாக? குத்துகிறதா, அழுத்துகிறதா? இடது கை, தாடை, முதுகு எங்கேயாவது பரவுகிறதா? வியர்க்கிறதா? குமட்டுகிறதா?

12.14
இருபது நிமிடமாக, கல்லை வைத்த மாதிரி, சட்டை நனைந்திருக்கிறது. சரி. இனிமேல் நாம் இரண்டு பேரும் யோசிக்க வேண்டியதில்லை. வீட்டுப் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு 114 அடி. இப்போதே. இந்தச் செல்லை மடியில் திறந்தே வை.

அவர்கள் எடுத்ததும் கிரியோலில் 'துலேர் லாப்வாத்ரின்' என்று ஆரம்பி. நெஞ்சுவலி என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். 'பயமாக இருக்கிறது' என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அடுத்து வயது 46, சர்க்கரைக்கு மாத்திரை, அப்பாவுக்கு இதே வயதில் இதயம். பிறகு விலாசம். கோயில் சந்திலிருந்து இரண்டாவது இரும்புக் கேட், நீல நிறம் என்று சொல், உன் வீட்டைப் பகலிலேயே யாரும் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை.

காந்தோஸ் ஆஸ்பத்திரி ஐந்து நிமிடம்தானே, நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. உன்னைத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். வழியில் தலை சுற்றினால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? வருகிற வண்டியில் ஈசிஜி இருக்கும், உன் காரில் ஒரு பிள்ளையார் பொம்மைதான் இருக்கிறது.

12.19
அடித்துவிட்டாய், நல்லது. அவர்கள் அஸ்பிரின் பற்றி ஏதாவது சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் நீயே கேள். ஒவ்வாமை இல்லை, வயிற்றுப்புண் இல்லை என்பதையும் சொல். சரி என்றால் 300 மில்லிகிராமை மென்று விழுங்க வேண்டும், அப்படியே முழுங்கக் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம். இஞ்சித் தண்ணீர், வாயு மாத்திரை, அம்மா அலமாரியில் இருக்கிற, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எதையும் தொடாதே. வாயு மாத்திரை கேட்டது என்பதால் அது வாயுதான் என்று ஆகிவிடாது.

கீழ் வீட்டு அண்ணனை எழுப்பிவிட்டேன். மேலே வருகிறார். கதவை அவரே திறந்துவிடுவார், சாவி அவரிடம் இருக்கிறது, நீ எழுந்திருக்காதே. வாசல் விளக்கைப் போடச் சொல்லியிருக்கிறேன், நாயையும் கட்டச் சொல்லியிருக்கிறேன். சர்க்கரை மாத்திரை அட்டையும் அடையாள அட்டையும் அவர் எடுத்து வைப்பார்.

12.24
'இது எல்லாம் என் மனசுதானோ, சும்மா ஊரைக் கூட்டுகிறேனோ' என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

இருக்கலாம். அப்பா 46ல் போனார், உனக்கும் போன மாதம் 46 முடிந்தது. அன்றைக்கு ராத்திரி கேக் வெட்டும்போது உன் முகத்தை நான் பார்த்தேன். தேவி வேறு மாஹெபூரில் அம்மா வீட்டில், வீடு காலி. பயம் வர இத்தனை போதும். பயத்திலும் நெஞ்சு இறுகும், வியர்க்கும், விரல் மரத்துப்போகும். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். உன்னுடையது இறங்கவில்லை. போதாததற்கு, இதயத்தில் அடைப்பு வந்தாலும் 'செத்துவிடுவேன்' என்ற பயம் சேர்ந்தே வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி பெரிதாகத் தெரியாமலும் வரும். ஆகவே பயம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துக்கொண்டு நீயோ நானோ ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஈசிஜி கண்டுபிடிக்கட்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இப்படி வந்தது. ரோஸ் ஹில் வீட்டில், இதே நேரம். ஒரு மணி நேரம் வெட்கப்பட்டே உட்கார்ந்திருந்தேன், பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று. கடைசியில் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அந்தச் சின்ன வயது டாக்டர். நான் மன்னிப்புக் கேட்டேன். 'அதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்தீர்கள்' என்றார். நெஞ்சில் ஒட்டியிருந்த ஈசிஜி வட்டம் ஒன்றைக் கழற்ற மறந்துவிட்டார்கள். மறுநாள் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு 'ழ' எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது சட்டைக்குள் அது அரித்தது. அந்த அரிப்புதான் அவமானத்தில் எனக்கு மிஞ்சியது, வேறொன்றும் இல்லை.

12.29
அண்ணன் வந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அவர் கையைப் பிடித்துக்கொள். கூச்சப்படாதே, அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவர்.

மூச்சை ஆழமாக இழுக்க முயற்சி செய்யாதே, அதனால்தான் தலை கிறுகிறுக்கிறது. உள்ளே சாதாரணமாக, வெளியே மெதுவாக. ஊதுபத்திப் புகை கலையாதபடி ஊதுவது மாதிரி. உள்ளே மூன்று, வெளியே ஐந்து. இது இதயத்துக்கு மருந்து இல்லை, வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்க ஒரு வேலை, அவ்வளவுதான்.

தைப்பூசத்தில் நீ காவடி எடுத்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? தார் ரோடு கொதித்தது. நான் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்தேன். கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு நீ திரும்பாமலே, 'கோயிலைப் பார்க்காதே, அந்த மாமரத்தைப் பார்' என்றாய். மரம் வந்ததும் அடுத்த லைட் கம்பம். இப்போது உனக்கு மாமரம் அந்த வண்டியின் விளக்கு. விடிவதைப் பற்றியோ தேவியைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ இப்போது யோசிக்க வேண்டாம்.

இறுக்கம் கூடினாலோ, கண் இருட்டினாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே. அண்ணனிடம் சொல், அவர் மறுபடி 114 அடிப்பார். நீ மயங்கி, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும் என்பதை அவருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். எப்படி என்று 114காரர்கள் போனிலேயே சொல்வார்கள். இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நான் ரொத்ரீக் தீவில் தங்கை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் இவ்வளவு கடல் கிடக்கிறது. இங்கிருந்து செய்ய முடிந்தது அதுதான்.

12.37
விளக்குத் தெரிகிறது என்று அண்ணன் சொல்கிறார். நல்லது.

ஏறியதும் அப்பா விஷயத்தை மறுபடி சொல், ஒரு தடவை சொன்னோமே என்று விடாதே. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் இரத்தம் எடுப்பார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கவும் கூடும். 'அவ்வளவுதானே' என்று நடுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதே. அரசாங்க ஆஸ்பத்திரிதான், பணத்தைப் பற்றி நினைக்காதே. கடைசியில் பயம்தான் காரணம் என்று சொன்னால், அதற்கும் என்ன செய்வது என்று அங்கேயே கேள். அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான். நான் நாலு மாதம் போய்ப் பேசினேன், மீதியை நேரில் சொல்கிறேன்.

தேவிக்கு இப்போது நான் சொல்கிறேன். கோபப்படுவாள், அது என் பாடு. நாளைக்கு உன் வகுப்பை யார் எடுப்பது என்று தலைமையாசிரியருக்குக் காலையில் எழுதுகிறேன்.

போன் சார்ஜரை அண்ணன் பையில் போடச் சொல். உன்னுடையது எப்போதும் எட்டு சதவீதத்தில்தான் கிடக்கும்.