பெரியம்மாவுக்கு, ஐப்பசி மாத மளிகைக் கணக்கு

பெரியம்மா, நீங்கள் எழுதிய சீட்டும் கோத்தகிரி கடையின் விலை நோட்டீஸும், தம்பி எடுத்து அனுப்பிய இரண்டு போட்டோவும் வந்தன. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கணக்குப் போட்டேன். நீங்கள் மளிகைக்கு ஒதுக்கிய 3000 ரூபாய்க்குள் எல்லாமே அடங்குகிறது. சீட்டின் கடைசியில் "முடிந்தால்" என்று எழுதிய முந்திரி, திராட்சையும் சேர்த்துத்தான்.

முதலில் ரேஷன். அரிசி இலவசம், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு பேருக்கு தலைக்கு அரைக் கிலோ வீதம் சர்க்கரை 2 கிலோ 50 ரூபாய், துவரம்பருப்பு 1 கிலோ 30, பாமாயில் 1 லிட்டர் 25. ஆக 105 ரூபாய். சீட்டில் நீங்கள் கேட்டது துவரம்பருப்பு 2 கிலோ, சர்க்கரை 3 கிலோ, எண்ணெய் 3 லிட்டர். ரேஷனில் கிடைப்பதைக் கழித்து மிச்சத்தை மட்டும் கடைக் கணக்கில் வைத்திருக்கிறேன். பாமாயிலைப் பலகாரம் பொரிக்க வைத்துக்கொள்ளுங்கள், தாளிப்புக்கு சூரியகாந்தி எண்ணெய் இருக்கிறது.

கடையில் வாங்குவது, நோட்டீஸ் விலைப்படி:

துவரம்பருப்பு 1 கிலோ – 144 (அரைக் கிலோ 72)
உளுந்து 1 கிலோ – 138
பாசிப்பருப்பு ½ கிலோ – 62
கடலைப்பருப்பு ½ கிலோ – 46
இட்லி அரிசி 5 கிலோ – 220 (கிலோ 44)
மிளகாய் வத்தல் 250 கிராம் – 68
மல்லி ½ கிலோ – 75
மிளகு 100 கிராம் – 85
சீரகம் 200 கிராம் – 76 (100 கிராம் 38)
கடுகு 100 கிராம் – 14
புளி ½ கிலோ – 90
கல்லுப்பு 2 பாக்கெட் – 30
கோதுமை மாவு 2 கிலோ – 108
ரவை 1 கிலோ – 52
ராகி மாவு 1 கிலோ – 58
துணி சோப்பு 4 – 84
குளியல் சோப்பு 3 – 108
பாத்திர சோப்பு 2 – 40
"கா…தூள்" 1 – 140

இது வரைக்கும் 1638 ரூபாய். இதற்கு மேல் சூரியகாந்தி எண்ணெய் 2 லிட்டர் 296, தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் 215, சர்க்கரை 1 கிலோ 39. கடைக்கு மொத்தம் 2188.

இப்போது எனக்குச் சந்தேகமான இடங்களைச் சொல்கிறேன், நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

"ப.ப அரை" என்று எழுதியதைப் பாசிப்பருப்பு என்று எடுத்துக்கொண்டேன். மேலே து.ப, உ.ப, கீழே க.ப என்று பருப்பு வரிசையில் இருப்பதால் அப்படித் தோன்றியது. பச்சைப் பட்டாணி என்றால் 58 ரூபாய், 4 ரூபாய் குறையும். அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

"கா" என்று தொடங்கி "தூள்" என்று முடியும் வரிதான் சிக்கல். நடுவில் தண்ணீர் பட்டு மை பரவிவிட்டது. காயத்தூளா, காபித்தூளா? காயத்தூள் 65, காபித்தூள் 140. தெரியாதபோது குறைந்த விலையைப் போட்டு, கடையில் போய்க் கை பிசைய வேண்டாம் என்று 140 போட்டிருக்கிறேன். காயத்தூள் என்றால் 75 ரூபாய் உங்களுக்கு மிச்சம்.

அந்த ஒரு வரி இன்னொரு விஷயத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. நோட்டீஸில் சர்க்கரை கிலோ 39 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அடியில் பொடி எழுத்தில், எண்ணெயும் சர்க்கரையும் நீங்கலாக 1500 ரூபாய்க்கு வாங்கினால் மட்டும் இந்த விலை, ஒரு பில்லுக்கு ஒரு கிலோதான் என்று இருக்கிறது. இல்லாவிட்டால் 46. முந்திரி, திராட்சையைச் சேர்க்காமல் அந்தத் தூளையும் விட்டுவிட்டால் உங்கள் பொருள்கள் சரியாக 1498! இரண்டு ரூபாய் குறைகிறது. தூள் எதுவானாலும் சேர்த்தால் 1500ஐத் தாண்டிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே பில்லாகப் போடச் சொல்லுங்கள். தம்பி பாதி, நீங்கள் பாதி என்று தனித்தனியாக வாங்கிவிடாதீர்கள்.

எண்ணெயில் ஏமாந்துவிடாதீர்கள். நோட்டீஸின் நடுவில் படம் போட்டு 129 ரூபாய் என்று இருப்பது 850 மில்லி பாக்கெட். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் 151 ரூபாய் 76 காசு வருகிறது. கீழ் வரிசையில் படமில்லாமல் இருக்கும் இன்னொரு கம்பெனி முழு லிட்டர் 148. அதையே கேளுங்கள்.

கோதுமை மாவு 5 கிலோ 245 என்பது கிலோ 49தான், மலிவுதான். ஆனால் சீட்டில் 2 கிலோதானே கேட்டிருக்கிறீர்கள். இந்த மழையில் நம் வீட்டு அடுக்களை ஈரத்துக்கு மாவு கட்டிப்போய்விடும், போன வருஷம் கொட்டினோமே. கிலோ பாக்கெட் 54 வீதம் இரண்டு போதும்.

கடுகு விலை மேல் போட்டோவில் வெளிச்சம் அடித்து 14ஆ 74ஆ என்று தெரியவில்லை. பக்கத்தில் அடித்துவிட்ட பழைய விலை 18 என்று இருக்கிறது, அதனால் 14 என்றே வைத்தேன்.

நோட்டீஸில் இல்லாதவை இரண்டு. டீத்தூள் அரைக் கிலோ, வழக்கம்போல ஃபேக்டரியில் வாங்குவதாக வைத்துப் போன மாத பில்லில் இருந்த 110. பல் பேஸ்ட் 95, அது என் அனுமானம். இரண்டும் 205.

ரேஷன் 105, கடை 2188, வெளியில் 205. மொத்தம் 2498. முந்திரி 100 கிராம் 98, திராட்சை 100 கிராம் 45, சேர்ந்து 143. அதையும் கூட்டினால் 2641. கையில் 359 ரூபாய் நிற்கும்.

அந்த 359ஐ உடனே செலவழிக்க வேண்டாம். ரேஷனில் பருப்பு, பாமாயில், சர்க்கரை மூன்றும் இந்த மாதம் தாமதமானால் கடையில் வாங்க 279 ரூபாய் கூட வேண்டும்: பருப்புக்கு 114, எண்ணெய்க்கு 123, சர்க்கரைக்கு 42. அப்போதும் 80 ரூபாய் மிச்சம், பாயசத்தை நிறுத்த வேண்டியதில்லை. குட்டிக்கு முந்திரியைக் கொஞ்சம் கூடவே போடுங்கள், பிறந்தநாள் ஆயிற்றே.

நோட்டீஸ் விலை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். ரேஷன் கடைக்கு அதற்கு முன்னால் போனால் எது கிடைத்தது என்று பார்த்துக் கடைச் சீட்டைத் திருத்திக்கொள்ளலாம். துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், நீலகிரியில் கேரி பேக் தர மாட்டார்கள். அரிசிப் பையைத் தம்பி தூக்கட்டும், உங்கள் முட்டி வலியோடு படி ஏற வேண்டாம்.

பில் போட்டதும் காசு கொடுக்கும் முன்னால் சர்க்கரை 39தானா, எண்ணெய் 148தானா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் தம்பியிடம் சொல்லி, அந்த "கா…தூள்" வரியை மட்டும் பகல் வெளிச்சத்தில், பேப்பரை மேசையில் விரித்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களே போனில் சொல்லிவிடுங்கள், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன்.