ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன போட்டுக்கொள்வது

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது எதைப் போடுவது என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று சட்டைப் படங்களையும் பார்த்தேன். நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து வை, மற்ற இரண்டையும் மறந்துவிடு. சாம்பல் நிறம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பதற்றத்தில் உனக்கு வியர்க்கும். சாம்பல் துணியில் ஒரு துளி ஈரம் பட்டாலும் கருத்துத் தெரியும். அப்புறம் கையை விலக்காமல் இறுக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். வெள்ளையில் ஈரம் அவ்வளவாகத் தெரியாது, மெல்லிய கோடு இன்னும் மறைத்துவிடும். கறுப்புப் பளபளப்புச் சட்டை இரவு விருந்துக்குப் போடுவது. காலை 11 மணிக்கு ஒருவர் வீட்டுக்குப் போகும்போது அது கண்ணை உறுத்தும்.

உள்ளே கை வைத்த பனியன் போடு, அக்குள் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் அதன் ஓரம் வெளியே கோடாகத் தெரியும். உன் தோல் நிறத்துக்கு நெருங்கியது இருந்தால் தெரியாது. கழுத்து V வடிவில் இருக்கட்டும், மேல் பொத்தானைத் திறந்து விட்டாலும் எட்டிப் பார்க்காது.

சட்டை அளவை நின்று பார்த்தால் போதாது. அங்கே போனதும் முக்கால்வாசி நேரம் உட்கார்ந்துதான் இருக்கப் போகிறாய். பொத்தான் எல்லாம் போட்டு நாற்காலியில் உட்கார். வயிற்றுப் பக்கம் பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தால் சட்டை இறுக்கம். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும், கீழே சரிந்தால் இரவல் சட்டை மாதிரி இருக்கும். முழுக்கையை மடித்து விடாதே. பதற்றத்தில் மடிப்பை இழுத்துக்கொண்டே இருப்பாய்.

பேன்ட் கருநீலம். வெளிர் நிறத்தில் தண்ணீர் சிந்தினால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். உட்காரும்போது பேன்ட் மேலே ஏறும், அதனால் காலுறை கணுக்காலோடு நிற்காமல் பாதிக் கெண்டைக்கால் வரை வரவேண்டும். வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டி வந்தால் எல்லோரும் பார்ப்பது காலுறையைத்தான். விரல் பக்கம் ஓட்டை இருக்கிறதா, குதிகால் நைந்திருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடு. ஷூ பழையதே இருக்கட்டும், பாலிஷ் போட்டால் போதும். இப்போது புதிதாக வாங்கினால் குதிகாலைக் கடிக்கும், நொண்டிக்கொண்டே உள்ளே போவாய். பெல்ட் ஷூவின் நிறத்தில் இருக்கட்டும்.

இஸ்திரியைச் சனிக்கிழமை இரவே முடி. துணி லேசாக ஈரமாக இருக்கும்போது போட்டால்தான் பருத்திச் சுருக்கம் போகும். முதலில் காலரின் உள்பக்கம், இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளு. முனையை நோக்கித் தள்ளினால் சுருக்கம் எல்லாம் அங்கே சேர்ந்து நிற்கும், முகத்துக்குக் கீழே அதுதான் முதலில் தெரியும். அப்புறம் மணிக்கட்டுப் பட்டி, கை, தோள், கடைசியாக உடல். முடித்த சூட்டோடு போட்டுக்கொண்டால் மறுபடி சுருங்கிவிடும், அதனால் ஹேங்கரில் மாட்டிவிடு. பொத்தான் ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துப் பார், ஆடினால் அன்றிரவே தைத்துவிடு.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அந்தச் சட்டையோடு உட்காராதே. முதுகு கசங்கிவிடும். வேறு சட்டையில் போய் இறங்கி, பஸ் நிலையத்திலேயே முகம் கழுவி மாற்றிக்கொள். இந்தச் சட்டையைப் பையில் வைக்கும்போது மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, மேலாக வை.

முடி வெட்ட நாளைக்கே போய்விடு. முந்தின நாள் வெட்டினால் ஓரம் எல்லாம் வெளிறித் தெரியும், தப்பாக வெட்டிவிட்டாலும் சரிசெய்ய நாள் இருக்காது. சவரம் காலையில் எழுந்ததும் செய்துவிடு. கிளம்பும் அவசரத்தில் செய்து கீறினால் ரத்தம் காலரில் படும். வியர்வையைக் கட்டுப்படுத்தும் மருந்துப் பூச்சை முந்தின இரவே காய்ந்த தோலில் தடவு, காலையில் வியர்த்த பிறகு தடவினால் சரியாக வேலை செய்யாது. சென்ட் இரண்டு அழுத்து, அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். மூடிய அறைக்குள் உனக்குத் தெரியாது, எதிரில் இருப்பவர்களுக்குத் தலை வலிக்கும்.

சட்டைப் பையில் எதுவும் வேண்டாம், குனிந்தால் கீழே விழும். செல்போனும் சாவிக்கொத்தும் பேன்ட் பையில் புடைத்துக்கொண்டு நிற்கும். நீ கொண்டுபோகும் கைப்பையிலேயே இருக்கட்டும். கைக்குட்டை இரண்டு, ஒன்று வியர்வைக்கு, ஒன்று மடித்தபடியே.

சனிக்கிழமை இரவு இஸ்திரி போடும் முன் பனியனிலிருந்து காலுறை வரை எல்லாவற்றையும் போட்டு அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்து, உட்கார்ந்து, குனிந்து பார். எங்கேயாவது கை தானாகப் போய் இழுத்துவிடுகிறதா என்று கவனி. அந்த இடம்தான் சரியில்லை, அதை மாற்று. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. எத்தனை மணியானாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்