சுதாவுக்கு, கடைசியாக

சுதா,

இது நான் உனக்கு எழுதும் கடைசிச் செய்தி. கோபம் தணியட்டும் என்று காத்திருந்துதான் எழுதுகிறேன். ஆகவே ஆத்திரத்தில் எழுதியது, நாலு நாள் போனால் சரியாகிவிடும் என்று இதை ஒதுக்கி வைக்காதே. நம் நட்பை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். யோசித்து எடுத்த முடிவு, இது மாறாது.

காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு இதை நீயே உனக்குள் வேறு மாதிரி சொல்லிக்கொள்ள இடம் இருக்கக் கூடாது.

என் கணவருடைய வழக்கறிஞர் தாக்கல் செய்த மனுவின் நகல் என் கைக்கு வந்தபோது, அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, தூக்கம் இல்லாமல் நான் மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெறுவது. மற்றொன்று, வேறு ஊரில் வேலை தேடுவது. சிகிச்சை பற்றி அக்காவுக்கும் தெரியும். வேலை விஷயத்தை உன்னைத் தவிர ஒருவரிடமும் நான் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. “ஒரு நாள் காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது” என்று ஓர் இரவு உனக்குக் குரல் பதிவு அனுப்பினேனே, அந்த வாக்கியமும் மனுவில் இருந்தது. அழுது களைத்த ஒருத்தி தன் தோழியிடம் விட்ட பெருமூச்சு அது. அங்கே அது, குழந்தையைக் கடத்திச் செல்ல நான் போட்ட திட்டமாகியிருந்தது. ஒரு சொல்கூட மாறவில்லை. கேட்ட இடம்தான் மாறியிருந்தது.

உன்னைக் கேட்டேன். நீ இல்லை என்றாய். அத்தோடு நிறுத்தாமல், “உன் அக்கா யாரிடமாவது சொல்லியிருப்பாள்” என்றாய். எனக்காக வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கும் பாப்பாவின் பள்ளிக்கும் அலைந்துகொண்டிருந்தவள் அவள். உன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் பெயரை முன்னே தள்ளினாய். சமரசப் பேச்சு நடந்த அறையில் அவர் தன் கைபேசியை எடுத்து அந்தப் பதிவை ஒலிக்கவிட்டபோது, என் குரலை நானே கேட்டேன். எதிரே அவருடைய பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகுதான் நீ உண்மையைச் சொன்னாய்.

நீ எழுதியிருந்த நீண்ட கடிதத்தை முழுவதும் படித்தேன். அவரும் உனக்கு நண்பர், நடுவில் மாட்டிக்கொண்டாய், நான் படும் பாட்டைக் கேட்டால் அவர் மனம் இளகும் என்று நினைத்தாய், என் நல்லதுக்குத்தான் செய்தாய் என்கிறாய். அவர் மனம் இளக வேண்டும் என்று நீ நினைத்தது உண்மையாகக்கூட இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் நல்லதுக்கு என்றால், அனுப்புவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அனுப்பிய மறுநாளாவது சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு இரவும் என்னை அழைத்து, வழக்கறிஞர் என்ன சொன்னார், அடுத்து என்ன செய்யப் போகிறாய், பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னால் கடக்க முடியாதது அதுதான், சுதா. பதிவை அனுப்பியது ஏதோ ஒரு கணத்தில் நடந்தது என்று வைத்துக்கொண்டாலும், என் அழுகையைக் கேட்டபடி நீ அமைதியாக இருந்த அத்தனை இரவுகளும் ஒரு கணத்தில் நடந்தவை அல்ல.

பாப்பா பிறந்தபோது மருத்துவமனை வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் நீ. அப்பா போனபோது வீட்டில் இருந்த எல்லோரையும் பார்த்துக்கொண்டதும் நீதான். அதையெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். நான் பெற்ற நல்லதை இப்போது கெட்டது என்று திருத்தி எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த நாட்களுக்கு நன்றி. ஆனால் அந்த நன்றியைக் காட்டி இதைச் சரிக்கட்ட முடியாது.

மன்னித்துவிடு என்று கேட்டிருக்கிறாய். மன்னிப்பு என் மனதுக்குள் என்றாவது வரலாம். எப்போது என்று தெரியாது. வந்தாலும் அது என் மனம் ஆறியதன் அடையாளமாகத்தான் இருக்கும், நட்பைத் திரும்பத் தொடங்குவதற்கான அழைப்பாக இருக்காது. அதற்காகக் காத்திருக்காதே.

நீ என்னை நம்பிச் சொன்னவை என்னிடமே இருக்கும். உன் வீட்டு விஷயம், உன் தம்பி விஷயம், நீ யாருக்கும் சொல்லாத அந்தப் பழைய விஷயம் எதுவும் என் வாயிலிருந்து வராது. இந்தப் பிரிவுக்குப் பிறகும் வராது. அதைப் பற்றி நீ பயப்பட வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் கேட்டால் மட்டும், அந்தப் பதிவு யாருக்கு அனுப்பப்பட்டது, எப்படி வெளியே போனது என்பதை நடந்தது நடந்தபடி சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

உன்னிடம் இன்னும் என் குரல் பதிவுகளும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் படமும் இருக்கின்றன. அவற்றை இனி ஒருவருக்கும் அனுப்பாதே. அவருக்கும் சரி, எனக்கு உதவுவதாகச் சொல்லும் வேறு யாருக்கும் சரி.

நம் பொதுவான தோழிகளிடம் நான் கதை சொல்லப் போவதில்லை. கேட்டால், “நாங்கள் இப்போது பேசிக்கொள்வதில்லை” என்பேன், அவ்வளவுதான். அவர்கள் உன்னோடு பழகுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. யாரையும் ஒரு பக்கம் நிற்கச் சொல்ல மாட்டேன். ஆனால் எவரையும் எனக்குத் தூது அனுப்பாதே. முக்கியமாக அம்மாவை அழைக்காதே. அம்மாவுக்கு உன்மேல் இன்னும் பாசம் இருக்கிறது. அந்தப் பாசத்தை என்னிடம் வருவதற்கான வழியாக்கிக்கொள்ளாதே.

குழந்தைகள் வேறு. உன் மகனும் பாப்பாவும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், ஒன்றாக விளையாடுகிறார்கள். அதை நான் தடுக்க மாட்டேன். பள்ளி வாசலில் பார்த்தால் குழந்தைகள் எதிரில் நான் மரியாதையாகவே நடந்துகொள்வேன், நீயும் அப்படியே இரு. சுதா அத்தை ஏன் வருவதில்லை என்று பாப்பா கேட்கிறாள். பெரியவர்களுக்குள் ஒத்துவரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் உன்னைப் பற்றித் தவறாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பள்ளியிலிருந்து அவளை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்களின் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். அங்கே போய் நிற்கும்போது இது தெரிந்து உனக்குச் சங்கடமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

மற்றவை சின்ன விஷயங்கள். நீ கடனாகக் கொடுத்ததில் மீதியிருந்த தொகையை உன் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டேன். ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் தையல் இயந்திரத்தையும் நீ விட்டுச் சென்ற புத்தகங்களையும் சனிக்கிழமை காலை அக்கா உன் வீட்டில் கொண்டுவந்து தருவாள். அவளிடம் இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். நீ அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் உன் விருப்பம், நான் நடுவில் வரவில்லை. வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டதால் உன்னிடம் உள்ள சாவியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நாம் சேர்ந்து வைத்திருந்த புகைப்படத் தொகுப்பிலிருந்து இன்றிரவு விலகிவிடுவேன். உனக்கு வேண்டிய படங்கள் அதில் அப்படியே இருக்கும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் எனக்கு வந்து சேராது. இந்தச் செய்தியை நீ படித்துவிட்டாய் என்று தெரிந்ததும் உன் எண்ணைத் தடைசெய்துவிடுவேன். வீட்டுக்கும் வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

வாணி