தேவிக்கு

ஊத்தான் மெலிந்தாங்
24 செப்டம்பர் 2025

அன்புள்ள தேவி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பாய். சிரி. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் பக்கத்தைத் திறந்து கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் கட்டியாச்சா, சின்னவனுக்குச் சப்பாத்து பத்தவில்லை, வரும்போது இரண்டு பாக்கெட் சந்தான். இதற்கு நடுவில் மனசில் இருப்பதை எழுதினால் பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு கட்டைவிரல் விழுந்துவிடும். அதனால் தாளும் பேனாவும். பிரேக் நேரத்தில் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

கெட்ட செய்தி எதுவும் இல்லை. உன்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. உன்னைத் தெரியும் எனக்கு. இரண்டு வரி படித்ததுமே, நாம் எதைச் செய்யாமல் விட்டோம் என்று ஆபீஸ் செக்ரோல் மாதிரி வரிசையாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். வேண்டாம்மா. எனக்கு நீ இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

என்ன கூடுதல் என்று கேட்பாய். போன வருஷம் சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தானில் தேர் பார்த்துவிட்டுத் திரும்பினோமே, ஞாபகம் இருக்கா? பிள்ளைகள் பின் சீட்டில் தூங்கிவிட்டார்கள். நீ பழைய தோட்டத்து வீட்டைப் பற்றி, மழை நாளில் பால்வெட்டு இல்லாமல் மாமா வீட்டில் இருந்தால் உங்களுக்கெல்லாம் எவ்வளவு கொண்டாட்டம் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் நான் என்ஜினை நிறுத்தவில்லை. நீயும் இறங்கவில்லை. கதை முடியட்டும் என்று இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நான் கேட்பது அந்த மாதிரி நேரத்தைத்தான்.

இந்த வருஷம் தேருக்குப் போகவில்லை. தைப்பூசம் முடிந்த வாரத்திலேயே மாமா போய்விட்டார். வருகிற தீபாவளியும் நமக்கு இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டார்கள், அந்த வாசனை வரும்போது நீ சமையலறை ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்தேன்.

போன ஞாயிறு காலையில் ஷிப்ட் முடிந்து வந்தபோது நீ போர்ச்சில் மாமாவின் கப்சாய் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தாய். சீட்டைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, ஒரு உதை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டாய். கையை சீட்டின் மேலேயே வைத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, “தேத்தண்ணி போடட்டுமா?” என்றாய். போடு என்றேன். உண்மையில் எனக்குத் தேத்தண்ணி வேண்டியிருக்கவில்லை. அந்த மோட்டார் பக்கத்தில் உன்னோடு நிற்க வேண்டும் போல இருந்தது.

ஏனென்றால் எனக்கும் அவர் இல்லாதது பெரிய வெறுமையாகத்தான் இருக்கிறது. தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே, “பாய்லர் எப்படிய்யா இருக்கு?” என்று கேட்பாரே, வீட்டில் சுகமில்லாத ஒருத்தரை விசாரிப்பது போல. இப்போது பாய்லரைப் பற்றி என்னிடம் கேட்க ஆளே இல்லை. இதை உன்னிடம் சொன்னால் அழுதுவிடுவாயோ என்று நான் சொல்லவில்லை. நான் களைத்து வருகிறேன் என்று நீயும் சொல்லாமல் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். ஒருவருக்கொருவர் பாரம் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து, ஆளுக்கொரு மூலையில் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறோம்.

நேரமும் அப்படி அமைந்துவிட்டது. இது செம்பனைக் குலை அதிகம் வரும் காலம். வெட்டிய குலையை உடனே வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், லோரி வரிசை முடியும் வரை மில் ஓடத்தான் வேண்டும். உனக்கு மாதக் கடைசி சம்பளக் கணக்கு. நான் வரும்போது நீ கிளம்புகிறாய். இதில் யாரைக் குறை சொல்ல?

சரி, இன்னொரு விஷயம் இருக்கிறது. மில்லில் வருஷா வருஷம் காது சோதிப்பார்களே, இந்தத் தடவை இடது காது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார்கள். பயப்படாதே, மறுபடி ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு நான் பயந்தேன். கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இப்போது சொல்லிவிட்டேன். சமையலறையிலிருந்து நீ ஏதாவது சொல்லி நான் பதில் தராமல் போயிருந்தால் அதற்கும் இது காரணமாக இருக்கலாம். பக்கத்தில் வந்து சொல்லு, வலது பக்கமாக.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் கோயிலில் தேவார வகுப்புக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் நமக்கு இருக்கட்டும். போனை உள்ளே வைத்துவிடலாம். போர்ச்சிலேயே உட்காரலாம், இல்லாவிட்டால் பெர்ணம் ஆற்றுப் பக்கம் ஒரு சுற்று போய் வரலாம். பில், பீஸ், கேஸ் எல்லாம் வேறு நாளுக்கு. மாமாவைப் பற்றிப் பேசு, ஆபீஸில் யார் என்ன சொன்னார்கள் என்று பேசு, எதுவும் பேசத் தோன்றாவிட்டால் சும்மா இரு. நீ அழுதாலும் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. எதையாவது கேட்டால் உடனே ஸ்பேனரை எடுக்கும் புத்தி எனக்கு உண்டு, அது உனக்கும் தெரியும். “அப்படியென்றால் நீ இப்படிச் செய்” என்று நான் ஆரம்பித்தால், “வால்வை மூடுங்க” என்று சொல்லு, வாயை மூடிக்கொள்கிறேன்.

உன் அக்காவிடம் நீ இரவில் பேசுவதை நான் குறையாக நினைக்கவே இல்லை. அவர் இருப்பதால்தான் இந்த மாதங்களை நீ தாண்டி வந்தாய் என்று தெரியும். அந்தப் பேச்சில் கொஞ்சம் எனக்கும் கிடைத்தால் சந்தோஷப்படுவேன்.

அப்புறம், எழுதவே வெட்கமாக இருக்கிறது. நைட் ஷிப்டுக்கு நான் கிளம்பும்போது முடிந்தால் கேட் வரைக்கும் வா. ஒரு நிமிஷம் கையைப் பிடித்துக்கொள்ளலாம். எதிர் வீட்டுப் பாட்டி பார்த்தால் பார்க்கட்டும்.

எனக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டே போகிறேன். நான் எப்படி இருந்தால் உனக்கு ஆறுதலாக இருக்கும்? நான் பேசாமல் பக்கத்தில் இருப்பதா, கேள்வி கேட்பதா, இல்லை சமையலை ஒரு நாள் என்னிடம் விட்டுவிட்டு நீ தனியாக இருப்பதா? தெரிந்தால் சொல். தெரியாவிட்டால் மெதுவாகச் சொல். தீபாவளிக்கு முதல் நாள் மாமாவுக்குப் படையல் போடும்போது அவருக்குப் பிடித்ததைச் சேர்ந்தே சமைக்கலாம் என்றும் நினைத்திருக்கிறேன். உனக்குச் சம்மதம் என்றால் நான் அன்றைக்கு லீவு கேட்கிறேன், முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. இந்த ஞாயிறு சரிப்படாது என்றால் வேறு நாள் சொல், ஷிப்டை மாற்றிக்கொள்ள ஆள் பார்த்து வைத்திருக்கிறேன்.

உன்
குமார்