வெள்ளிக்கிழமை காலை: இன்றைக்கு 620 சொல்

தம்பி, டர்பனில் விடிந்துவிட்டது. டீயோடு உட்கார்.

திங்கள் 520, செவ்வாய் 310, புதன் ஒன்றுமில்லை, வியாழன் 450. இந்த வாரம் இதுவரை 1,280. நாளுக்கு 500 என்ற கணக்கில் 720 குறைகிறது. போன வாரம் 2,870 எழுதினாய், கை ஓடத்தான் செய்கிறது.

பாக்கியை ஒரே ராத்திரியில் அடைக்காதே. வரும் வியாழன் வரை ஆறு நாளும் 120 கூட்டிக்கொள், சரியாகிவிடும். ஞாயிறு லீவு, அதில் கை வைக்காதே.

இன்று முன்னுரையைத் தொடவேண்டாம். 1860 நவம்பர் 16இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாக டர்பனுக்கு ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலின் ஆள் பட்டியலை எடு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர். ஒரே ஒரு வரியைப் பிடித்து, அந்த ஆளைப் பற்றி எழுது. புதனன்று நீ போனில் சொன்னதே போதும், அதுவே 300 சொல் வரும்.

ராத்திரி எட்டு மணிக்கு எண்ணை மட்டும் அனுப்பு. 200 என்றாலும் அனுப்பு.

அக்கா